'நே' மீது பழி வேண்டாம்: இந்தியின் இறந்தகால வினை செயப்படுபொருளோடு இயைவது ஏன்?

சற்று நீண்ட பதிவு. இந்தி கற்பிப்போரும் கற்போரும், ஒப்பிலக்கணத்தில் ஆர்வமுள்ள மாணவரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். இந்தித் தொடர்களை ஏறத்தாழ ஒலிக்கும் முறையில் தமிழெழுத்தில் தந்துள்ளேன்.

தென்னாட்டில் இந்தி கற்பவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இறந்தகாலம். 'லட்கா ஆயா' என்றால் பையன் வந்தான். 'லட்கீ ஆயீ' என்றால் பெண் வந்தாள். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்து வருகிறது 'லட்கே நே சிட்டீ லிகீ' என்னும் தொடர். பையன் கடிதம் எழுதினான் என்பது பொருள். எழுதியவன் ஆண், வினையோ 'லிகீ' எனப் பெண்பாலில் நிற்கிறது. இதற்கு நேர்மாறானது 'லட்கீ நே கத் லிகா' என்பது. எழுதியவள் பெண், வினை 'லிகா' என ஆண்பாலில் நிற்கிறது. 'சிட்டீ', 'கத்' இரண்டுமே கடிதத்தைக் குறிக்கும் சொற்கள்தாம். முன்னது இந்தியில் பெண்பால், பின்னது ஆண்பால். வினை எழுதியவரைப் பாராமல் எழுதப்பட்டதைப் பார்த்து வடிவம் கொள்கிறது.

ஏன் என்று கேட்கும் மாணவருக்கு வகுப்பறையில் கிடைக்கும் விடை ஒன்றே: "எழுவாயோடு 'நே' வந்துவிட்டது, எனவே வினை செயப்படுபொருளுக்குப் போய்விட்டது." எந்த வினைகளில் 'நே' வரும், எவற்றில் வராது என்னும் பட்டியல் இதைத் தொடர்ந்து வரும். பட்டியலை மனப்பாடம் செய்தவர் தேர்ச்சி பெறுகிறார். செய்யாதவர் இந்தி தர்க்கமற்ற மொழி என்ற முடிவோடு விலகுகிறார். இந்த விடை காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது என்பதே என் கருத்து. வினை செயப்படுபொருளோடு இயைவதற்குக் காரணம் 'நே' அன்று. அந்த வினைவடிவத்தின் பிறப்பே காரணம். 'நே' பின்னால் வந்து சேர்ந்த அடையாளம் மட்டுமே.

முதற்சான்றை வரலாற்றில் தேட வேண்டியதில்லை. இன்றைய இந்தியிலேயே அது கண்முன் இருக்கிறது. 'மைங் கயா', 'தூ கயா', 'வஹ் கயா' என்னும் மூன்றையும் நோக்குக. நான் போனேன், நீ போனாய், அவன் போனான் என்று தமிழில் மூன்று விகுதிகள் வேண்டிய இடத்தில் இந்திக்கு ஒரே வடிவம் போதுமாக இருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இட வேறுபாடு அதில் இல்லை. ஆனால் பேசுபவர் பெண்ணானால் 'மைங் கயீ' என்று ஆகிவிடும். போனவர் ஆண்கள் பலரானால் 'கயே' என்று ஆகும். இடம் காட்டாமல் பாலும் எண்ணும் மட்டும் காட்டும் சொல்வகை இந்தியில் எது? பெயரடை. 'அச்சா லட்கா', 'அச்சீ லட்கீ', 'அச்சே லட்கே' என்பவற்றில் உள்ள அதே ஆ, ஈ, ஏ ஈறுகளே 'கயா', 'கயீ', 'கயே' என்பவற்றிலும் உள்ளன.

இதற்கு மாறாக, 'நான் போகட்டுமா', 'அவன் போகட்டும்' என்னும் பொருளில் வரும் வடிவங்களைக் காண்க. 'மைங் ஜாஊங்', 'வஹ் ஜாயே', 'தும் ஜாவோ' என்பவற்றில் இட வேறுபாடு உண்டு. பால் வேறுபாடு இல்லை. சம்ஸ்கிருத வினைமுற்றின் நேர்வழித் தோன்றல்கள் இவை. ஆகவே இன்றைய இந்தியில் இரண்டு குடிவழிகள் அருகருகே வாழ்கின்றன: இடம் காட்டும் பழைய வினைமுற்று ஒன்று, பால் காட்டும் பழைய பெயரடை மற்றொன்று. நாம் இறந்தகால வினைமுற்று என்று அழைப்பது இரண்டாம் குடிவழியைச் சேர்ந்தது.

அந்தப் பெயரடை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை சம்ஸ்கிருதத்தின் 'த' ஈற்று எச்சத்தில் இருக்கிறது. 'கத' என்றால் போன. 'த்ருஷ்ட' என்றால் காணப்பட்ட. 'ஸீதா கதா' என்னும்போது போனவள் சீதை; எச்சம் சீதைக்கு அடையாகிப் பெண்பால் பெறுகிறது. 'ராமேண ஸீதா த்ருஷ்டா' என்னும்போது காணப்பட்டவள் சீதை. எச்சம் மீண்டும் சீதைக்கே அடை. கண்டவனான இராமன் மூன்றாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். இந்தப் பகுப்பைப் பாணினியே அஷ்டாத்யாயியின் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் விதித்துவிட்டார். அவ்விகுதி பொதுவாகச் செயப்படுபொருளையோ வினைநிகழ்வையோ குறிக்கும். செல்லுதற்பொருள் வினைகளிலும் செயப்படுபொருள் குன்றிய வினைகளிலும் வினைமுதலையும் குறிக்கலாம். இன்று வகுப்பறையில் 'நே' விதி என்று கற்பிக்கப்படும் பாகுபாட்டின் வித்து இதுவே.

சம்ஸ்கிருதத்துக்கு இறந்தகாலம் கூற வேறு வினைமுற்றுகளும் இருந்தன. பிராகிருத காலத்தில் அவை தேய்ந்து வழக்கிழந்தபோது, இறந்தகாலத்தைச் சுமக்கும் பொறுப்பு முழுவதும் இந்த எச்சத்தின்மேல் விழுந்தது. அது முற்றாகப் பதவி உயர்ந்தபோதும் பெயரடைக்குரிய பழைய குணத்தை விடவில்லை. 'சிட்டீ லிகீ' என்பதில் 'லிகீ' பெண்பாலாக இருப்பது, எழுதப்பட்டது சிட்டீ என்பதால். பையனின் பாலை அது என்றுமே காட்டியதில்லை; எனவே அவனைக் கைவிட்டுச் செயப்படுபொருளிடம் 'போய்விட்டது' என்பதற்கும் இடமில்லை.

தமிழ் மாணவருக்கு இதை விளக்க நம் பெயரெச்சம் பெரிதும் உதவும். 'வந்த பையன்' என்பதில் எச்சம் வந்தவனைத் தழுவுகிறது. 'பையன் எழுதிய கடிதம்' என்பதில் எழுதப்பட்டதைத் தழுவுகிறது. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்னும் வேறுபாடு இங்கேயே தலைகாட்டுகிறது. ஒரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. தமிழில் 'கடிதம் எழுதிய பையன்' என்றும் சொல்லலாம். நம் பெயரெச்சம் இருபுறமும் திரும்பும். சம்ஸ்கிருத எச்சமோ 'எழுது' போன்ற வினைகளில் செயப்படுபொருளின் பக்கமே நின்றது. இந்த ஒருபக்கச் சார்புதான் இந்தியில் விதியாக உறைந்தது.

இனி 'நே'யிடம் வருவோம். அதன் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சம்ஸ்கிருதத்தின் 'ஏன' உருபே 'நே' ஆயிற்று என்று பள்ளி நூல்கள் சில எளிதாகச் சொல்வது ஒலி வரலாற்றோடு பொருந்துவதில்லை; பழைய வேற்றுமை ஈறுகள் தேய்ந்து மறைந்த பின்னரே 'நே' இந்த இடத்துக்கு வந்தது. மேற்கத்திய இந்தி வழக்குகளின் பழைய நூல்களில் வினைமுதல் 'நே' இன்றி, வேற்றுமை ஏற்கும் திரிந்த வடிவில் மட்டும் நிற்க, வினை செயப்படுபொருளோடு இயைந்திருப்பதைக் காணலாம். இயைபு முன்னது, உருபு பின்னது. பின்னால் வந்தது முன்னதற்குக் காரணமாக முடியாது.

அண்டை மொழிகளும் இதையே உறுதிசெய்கின்றன. மராத்தியில் 'மீ போளீ கால்லீ' என்றால் நான் போளி உண்டேன் என்பது பொருள். 'மீ' என்னும் தன்மைப் பெயரில் எந்த உருபும் இல்லை. ஆயினும் வினை பெண்பாலான போளியோடு இயைகிறது. நேபாளியில் நிலைமை நேர் எதிர். 'மைலே பாத் காஏங்' என்பதில் வினைமுதல் 'லே' என்னும் உருபைப் பெற்றிருக்கிறது. வினையோ சோற்றை விட்டு, உண்ட 'நான்' என்பதோடு இயைகிறது. ஒரு மொழியில் உருபு இல்லை, செயப்படுபொருள் இயைபு உண்டு. மற்றொன்றில் உருபு உண்டு, அந்த இயைபு இல்லை. எனவே இவை இரண்டும் தனித்தனி நிகழ்வுகள். இந்தியில் அவை ஒரே தொடரில் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம்போல் தோன்றுகிறது.

அப்படியானால் மாணவருக்கு எந்த விதியைக் கற்பிப்பது? இந்தி வினை தொடரில் உருபு ஏற்காத பெயரைத் தேடுகிறது என்று கற்பிக்கலாம். முதலில் எழுவாயைப் பார்க்கும். அதில் உருபு இல்லையெனில் அதனோடு இயையும். உருபு இருந்தால் செயப்படுபொருளைப் பார்க்கும். அதிலும் உருபு இருந்தால், அல்லது செயப்படுபொருளே தொடரில் இல்லாவிட்டால், யாரோடும் இயையாமல் ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்.

இதை ஒரே கடிதத்தை வைத்துச் சோதிக்கலாம். 'லட்கீ சிட்டீ படேகீ' என்பது எதிர்காலம். பெண் கடிதம் படிப்பாள். எழுவாயில் உருபு இல்லை. வினை அவளோடு இயைகிறது. 'லட்கே நே சிட்டீ படீ' என்பதில் எழுவாய்க்கு 'நே' உண்டு, சிட்டீக்கு உருபு இல்லை. வினை சிட்டீயோடு இயைந்து பெண்பால் ஆகிறது. 'லட்கீ நே சிட்டீ கோ படா' என்பதில் இரண்டாம் வேற்றுமைப் பொருளுடைய 'கோ' சிட்டீயின்மேல் ஏறிவிட்டது. படித்தவளும் பெண், படிக்கப்பட்டதும் பெண்பால். ஆனாலும் வினை 'படா' என்று ஆண்பாலில் நிற்கிறது. 'நே வந்தால் வினை செயப்படுபொருளுக்குப் போகும்' என்னும் விதி முறியும் இடம் இதுதான். நான் பார்த்த விடைத்தாள்களில் 'சிட்டீ கோ படீ' என்று எழுதிய மாணவர் பலர். தாம் கற்ற விதிக்கு அவர்கள் முற்றிலும் உண்மையாக இருந்தார்கள். விதிதான் அவர்களைக் கைவிட்டது.

மூவகையாகப் பார்க்கும் இம்முறை புதியதன்று. 1920இல் வெளிவந்த காமதா பிரசாத் குருவின் இந்தி இலக்கணம் கர்த்தரி, கர்மணி, பாவே என்று மூன்று பிரயோகங்களைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவதில் வினை வினைமுதலோடும், இரண்டாவதில் செயப்படுபொருளோடும் இயையும். மூன்றாவதில் எதனோடும் இயையாது. தேர்வுக் கையேடுகள் சுருங்கியபோது மூன்றாவது பிரயோகம் அடிக்குறிப்பாகி, பின் அதுவும் உதிர்ந்துவிட்டது.

இம்முறையின் பயன் இறந்தகாலத்தோடு முடிவதில்லை. 'முஜே சிட்டீ மிலீ' என்றால் எனக்குக் கடிதம் கிடைத்தது. இங்கே 'நே' இல்லை. 'முஜே' நான்காம் வேற்றுமையில் நிற்பதால் வினை சிட்டீயோடு இயைகிறது. தமிழரும் நாள்தோறும் இதையே செய்கிறோம். 'எனக்குக் கடிதங்கள் கிடைத்தன' என்று சொல்லும்போது பெற்றுக்கொண்ட 'நான்' வினையில் தெரிவதில்லை. கடிதங்களின் பன்மைதான் தெரிகிறது. உருபேற்ற பெயரோடு வினை இயையாது என்பது தமிழுக்கும் பழகிய நெறி. இந்த அனுபவத்திலிருந்து இந்திக்குப் பாலம் அமைக்காமல் பட்டியலிலிருந்து தொடங்குவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

விதிவிலக்குகள் எனப்படுபவற்றிலும் பாதி இவ்வாறு பார்த்தால் கரைந்துவிடும். 'லட்கா சிட்டீ லிக் சுகா' என்றால் பையன் கடிதம் எழுதி முடித்துவிட்டான். இறந்தகாலம், செயப்படுபொருளும் உண்டு. ஆனால் 'நே' வரவில்லை. தொடரை முடிக்கும் வினை 'சுக்னா'. தீர்தல் என்னும் பொருளுடைய, செயப்படுபொருள் குன்றிய வினை அது. 'லட்கே நே சிட்டீ லிக் தீ' என்பதில் முடிக்கும் வினை கொடுத்தல் பொருளுடைய 'தேனா'. எனவே 'நே' வருகிறது. 'லட்கா சிட்டீ லாயா', கடிதம் கொண்டுவந்தான், என்பதில் 'நே' வராததற்கும் இதே காரணம். 'லானா' என்பது 'லே', 'ஆனா' என்னும் இரண்டின் சேர்க்கை. எடுத்து வருதலில் இறுதிச் சொல் வருதல். வருதலுக்குச் செயப்படுபொருள் இல்லை. தமிழில் துணைவினை தொடரின் தலைமையை ஏற்பதுபோல இந்தியிலும் கடைசி வினையே தீர்மானிக்கிறது.

எல்லாம் கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மறத்தல் பொருளுடைய 'பூல்னா' செயப்படுபொருள் ஏற்றும் 'நே' பெறுவதில்லை. தும்முதலைக் குறிக்கும் 'சீங்க்னா' செயப்படுபொருள் இன்றியே 'நே' பெறுகிறது. 'போல்னா' இருவகையாகவும் வழங்குகிறது. இவற்றை நினைவில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விரல்விட்டு எண்ணும் சில சொற்களை நினைவில் கொள்வது வேறு. மொழியின் அடிப்படை அமைப்பையே விதிவிலக்குகளின் குவியலாகக் காண்பது வேறு.

திருவனந்தபுரத்தில் இருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஒரே வகுப்பில் மலையாளம் பேசும் மாணவரும், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் தமிழ் மாணவரும் அமர்ந்து இந்தி படிக்கிறார்கள். இருவரும் எழுதுவது ஒரே பிழைத்தொடர்தான்: 'மைங் சிட்டீ லிகா'. ஆனால் பிழையின் வேர் ஒன்றன்று. மலையாள வினை எவரோடும் இயைவதில்லை. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு என்று எல்லார்க்கும் ஒரே வடிவம். தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட வழிகளை ஆறு நயங்களாக வகுத்த ஏ. ஆர். ராஜராஜ வர்மா, கேரளபாணினீயத்தில் இதற்குப் புருஷபேத நிராசம் என்று பெயரிட்டார். இந்நகரில் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். மலையாள மாணவர் இயைபு என்னும் பழக்கத்தையே புதிதாகக் கற்க வேண்டியவர். தமிழ் மாணவரோ எழுவாயோடு இயைதலைத் தாய்ப்பாலோடு பெற்றவர். அந்தப் பழக்கத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கற்க வேண்டியவர்.

ஒருவருக்கு இல்லாததைத் தர வேண்டும். மற்றவருக்கு இருப்பதைத் திருப்ப வேண்டும். மலையாள மாணவருக்கு 'அச்சா', 'அச்சீ' என்னும் பெயரடைகளில் தொடங்கி, அதே ஈறுகளை வினையில் காட்டுவது பொருத்தம். தமிழ் மாணவருக்கு 'எனக்குக் கிடைத்தன' என்னும் தொடரில் தொடங்குவது பொருத்தம். ஒரே சிவப்பு மையால் இருவரையும் திருத்திவிட்டு, தென்னாட்டாருக்கு இந்தி வராது என்று முடிவுகட்டுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

அதே 'மைங் சிட்டீ லிகா' வேறோர் இடத்தில் பிழையே அன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். தக்காணத்திலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் தலைமுறைகளாகப் பேசப்படும் தக்கினியில் 'நே' பெரும்பாலும் வழக்கிழந்து, வினை எழுவாயோடு இயைகிறது. எழுவாயோடு இயையும் வினைகளைக் கொண்ட திராவிட மொழிகளின் நடுவே வாழ்ந்த வழக்கு அது. நம் மாணவர் சில மாதங்களில் செய்வதை ஒரு பேச்சுச் சமூகம் நூற்றாண்டுகளில் செய்திருக்கிறது. தேர்வில் பொது இந்தியின் வடிவம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அப்பிழை அறியாமையின் விளைவன்று. ஓர் ஒழுங்கின் விளைவு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நான் கூறிய வரலாற்றைக் கொண்டு 'லட்கே நே சிட்டீ லிகீ' என்பதைப் 'பையனால் கடிதம் எழுதப்பட்டது' என்று மொழிபெயர்க்கக் கற்பித்தால் அது மற்றொரு பிழையாகும். பிறப்பில் அது செயப்பாட்டுத் தொடராக இருந்தது, இன்று அன்று. இன்றைய இந்திக்குத் தனியான செயப்பாட்டுவினை உண்டு. 'சிட்டீ லிகீ கயீ' என்பது அது. மேலும் 'நே' பெற்ற பெயர் எழுவாய்க்குரிய உரிமைகள் அனைத்தையும் பெற்றிருக்கிறது. 'லட்கே நே அப்னீ சிட்டீ படீ' என்பதில் 'தன்' எனப் பொருள்படும் 'அப்னீ' பையனையே சுட்டுகிறது. 'காகர் லட்கே நே சிட்டீ லிகீ' என்றால் உண்டவனும் பையனே, எழுதியவனும் அவனே. தொடரின் தலைமை பையனிடம் இருக்கிறது. இயைபு மட்டும் கடிதத்திடம் தங்கிவிட்டது. பொருளில் செய்வினை, வடிவில் பழைய பெயரடை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினால் மாணவர் குழம்புவதில்லை.

எனவே பாடத்திட்டம் வகுப்போரிடம் என் கோரிக்கை எளியது. 'நே' பட்டியலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதல் வகுப்பில் பெயரடை ஈற்றையும் இறந்தகால ஈற்றையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் வகுப்பில் உருபில்லாப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். மூன்றாவதில் 'கோ' சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகு 'நே' எங்கே வரும் என்று கற்பியுங்கள். தேர்வில் கோடிட்ட இடத்தில் 'நே' நிரப்பச் சொல்வதற்குப் பதில், 'லட்கீ நே சிட்டீ கோ படா' என்பதில் வினை ஏன் ஆண்பாலில் நிற்கிறது என்று ஒரே ஒரு வினாக் கேளுங்கள். விதியை மனப்பாடம் செய்தவரையும் மொழியைப் புரிந்துகொண்டவரையும் அந்த ஒரு வினா பிரித்துக் காட்டிவிடும்.